வட்டம் எந்த வரிக்குச் சொந்தம்?

கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டிய எருமப்பட்டிதான் என் ஊர். வெப்சைட் செய்வது என் பிழைப்பு. போன முறை ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா தன் செல்போனை என் கையில் கொடுத்தார். தோட்டத்து விவரங்களை ஆன்லைனில் பதிய ஒரு படிவம். பாசனம் எது என்று கேட்கும் இடத்தில் மூன்று ரேடியோ பட்டன்கள்: கிணறு, ஆழ்துளைக் கிணறு, மானாவாரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீளமான விளக்கம். பெரியப்பாவுக்கு இருப்பது போர்வெல். கடைசிப் பக்கத்தில் சரிபார்க்கச் சொன்னபோது "கிணற்றுப் பாசனம்" என்று இருந்தது.

"ஏங்கண்ணு, போருன்னு படிச்சுப் பாத்துத்தான் கிட்டக்க இருந்த வட்டத்தைத் தொட்டேன். இது எப்படிக் கிணறுன்னு விழுந்துச்சு?"

நான் முதலில் அவர் அவசரத்தில் மாற்றித் தொட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். திரும்பப் போய்ப் பார்த்தால் தவறு அவருடையது இல்லை. கம்ப்யூட்டர் திரையில் ஒரே வரியில் அடங்கும் அந்த விளக்கங்கள், போனில் மும்மூன்று வரிகளாக மடிந்திருந்தன. ஒவ்வொரு வட்டமும் தன் விளக்கத்தின் முதல் வரிக்குப் பக்கத்தில் நிற்காமல் மூன்றாவது வரிக்கு இறங்கி நின்றது. ஆகவே "ஆழ்துளைக் கிணறு" என்று தொடங்கும் வரிக்கு மிக அருகில் இருந்த வட்டம் அதற்கு மேலே இருந்த கிணற்றின் வட்டம்.

இதை அளந்தே பார்க்கலாம். எழுத்து 16 பிக்சல், ஒரு வரியின் உயரம் 24 பிக்சல், வட்டம் 20 பிக்சல், ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 8 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வரி விளக்கம் 72 பிக்சல் உயரம். முதல் தேர்வின் வட்டம் கடைசி வரிக்கு இறங்கியதால் அதன் நடுப்புள்ளி மேலிருந்து ஏறக்குறைய 55-ஆம் பிக்சலில் இருக்கும். இரண்டாவது தேர்வு 80-இல் தொடங்குகிறது, அதன் முதல் வரியின் நடு 92. அந்த வரியைப் படிக்கும் கண்ணுக்கு மேலே உள்ள வட்டம் 37 பிக்சல் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தேர்வுக்கே உரிய வட்டமோ 135-ஆம் பிக்சலில், அதாவது 43 பிக்சல் தூரத்தில். கண் அருகில் இருப்பதைச் சேர்த்துப் பார்க்கும். பெரியப்பா செய்தது அதைத்தான்.

படிவத்தைச் செய்தவர்கள் இதைக் கவனிக்காமல் போனதற்கும் காரணம் உண்டு. விளக்கம் ஒரே வரியாக இருக்கும்வரை முதல் வரியும் கடைசி வரியும் நடு வரியும் ஒன்றுதான். வட்டம் எதைப் பார்த்து நின்றாலும் சரியான இடத்தில்தான் நிற்கும். பெரிய திரையில் பார்ப்பவருக்கும், இரண்டு மூன்று சொல்லில் ஆங்கிலத்தில் சோதித்தவருக்கும் பழுது தெரியவே தெரியாது. தமிழில் அதே செய்தி கூடுதல் இடம் பிடிக்கிறது, சொற்களும் நீளம். 360 பிக்சல் அகலமுள்ள போனில் அது மடிந்தே தீரும்.

இதில் எனக்கு வியப்பான விஷயம் ஒன்று: பிரவுசரைத் தன் போக்கில் விட்டிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. செக்பாக்ஸும் ரேடியோ பட்டனும் 1995-இல் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 காலத்திலிருந்தே இருக்கின்றன. ஒரு செக்பாக்ஸைப் போட்டு அதை ஒட்டி எழுத்தைப் போட்டால், பிரவுசர் அந்தப் பெட்டியையும் ஓர் எழுத்தைப் போலவே நடத்துகிறது. பத்தியின் முதல் எழுத்து அந்தப் பெட்டி. பத்தி எத்தனை வரியாக மடிந்தாலும் முதல் எழுத்து முதல் வரியில்தானே இருக்கும்.

ஆனால் அதில் இரண்டு குறைகள். ஒன்று, மடிந்த வரிகள் பெட்டிக்கு அடியில் போய்த் தொடங்கும். எழுத்தெல்லாம் ஒரே நேர்க்கோட்டில் தொடங்க வேண்டும் என்றால் எழுத்தைத் தனியாகப் பிரித்து ஒரு பத்தியாக நிறுத்த வேண்டும். மற்றொன்று, பிரவுசர் தரும் பெட்டியின் நிறத்தையும் அளவையும் வெகுகாலம் விருப்பப்படி மாற்ற முடியாமல் இருந்தது. அதனால் உண்மையான பெட்டியை மறைத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு காலிச் சதுரத்தையோ வட்டத்தையோ வரைந்து காட்டும் பழக்கம் வந்தது. இப்படிப் பெட்டி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்த பிறகு, இரண்டும் எந்த இடத்தில் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் சொல்லாவிட்டால் சி.எஸ்.எஸ். விதி ஒன்று சொல்லும். அந்த விதி பலரும் எதிர்பார்ப்பது இல்லை.

எழுத்துகள் எல்லாம் ஒரு கண்ணுக்குத் தெரியாத கோட்டின் மேல் நிற்கின்றன. அதைப் பேஸ்லைன் என்பார்கள். ப, ட, ம போன்றவை அதன் மேல் உட்காரும். ழ, பு போன்றவற்றின் வால் அதற்குக் கீழே தொங்கும். ஒரே வரியில் நிற்கும் பொருட்களைப் பிரவுசர் இந்தக் கோட்டை வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறது. இப்போது எழுத்தை `inline-block` என்று அறிவித்து, அகலம் 85 சதவீதம் என்று கொடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துகிறோம். அந்த எழுத்துத் தொகுதிக்குள் மூன்று வரி, மூன்று பேஸ்லைன். வெளியே பக்கத்தில் நிற்கும் பெட்டிக்கு எதைக் காட்டுவது? 2011-இல் முறையான பரிந்துரையாக வெளிவந்த சி.எஸ்.எஸ். 2.1 இதற்கு விடை வைத்திருக்கிறது: `inline-block` தொகுதியின் பேஸ்லைன் என்பது அதன் கடைசி வரியின் பேஸ்லைன். காலிப் பெட்டிக்கு உள்ளே எழுத்தே இல்லை. அதற்கு அடி விளிம்பே பேஸ்லைன். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: பெட்டியின் அடி, விளக்கத்தின் கடைசி வரியில் போய் உட்காருகிறது. பெரியப்பாவின் படிவத்தில் நடந்தது இதுவேதான்.

பின்னால் வந்த ஃபிளெக்ஸ் முறையில் பேஸ்லைன் படி வரிசைப்படுத்தச் சொன்னால் முதல் வரியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேறொரு பழக்கமும் கூடவே வந்தது. பெட்டியும் எழுத்தும் நேராக நிற்க வேண்டும் என்றால் கை தானாகவே `align-items: center` என்று எழுதிவிடும். அது வரியின் நடுவைப் பார்ப்பதில்லை, மொத்தத் தொகுதியின் நடுவைப் பார்க்கிறது. நான்கு வரி விளக்கம் 96 பிக்சல் உயரம் என்றால் 20 பிக்சல் பெட்டியின் மேல் விளிம்பு 38-இல் தொடங்கும். முதல் வரிக்கு நேராக நிற்க அது 2-இல் தொடங்கியிருக்க வேண்டும். 36 பிக்சல் இறக்கம். பெட்டியைத் தனியே தூக்கி `position: absolute` வைத்து `top: 50%`, `transform: translateY(-50%)` கொடுப்பவர்களுக்கும் இதே கதிதான்; எழுதும் முறைதான் வேறு, கணக்கு ஒன்று.

ஆக, "பெட்டி கீழே இறங்கிவிட்டது" என்ற ஒரே புகாருக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன, மருந்தும் வெவ்வேறு. அடுத்தவர் எழுதிய நூற்றுக்கணக்கான வரிகளில் எது காரணம் என்று தேடிக் கண்டுபிடிப்பது சலிப்பான வேலை. அதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி எளிமையானது: ஒரு வரியைக் கூட்டிப் பார்த்து, பெட்டி எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது.

கம்ப்யூட்டரில் குரோமில் அந்தப் பக்கத்தைத் திறந்து F12 அழுத்தினால் பக்கத்தின் உள்கட்டமைப்பு தெரியும். விளக்க எழுத்தின் மேல் இரட்டைக் கிளிக் செய்து அங்கேயே திருத்தலாம். நம் திரையில் மட்டும்தான் மாறும், யாருடைய பக்கமும் கெடாது. ஜன்னலைப் போன் அகலத்துக்குச் சுருக்கிக்கொண்டு, விளக்கம் சரியாக ஒரு வரி கூடும்வரை சொற்களைச் சேர்க்க வேண்டும். வரியின் உயரம் 24 பிக்சல் என்றால், பெட்டியும் 24 பிக்சல் இறங்கினால் அது கடைசி வரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. `inline-block` விதிதான் காரணம். பாதி, அதாவது 12 பிக்சல் இறங்கினால் அது நடுவைப் பார்க்கிறது. `align-items: center`, `top: 50%` அல்லது இரண்டு தொகுதிகளுக்கும் கொடுத்த `vertical-align: middle`, இவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். அசையவே இல்லை, ஆனாலும் முதல் வரியைவிடச் சற்றுத் தாழ்ந்தே நிற்கிறது என்றால், வரி மடிவதற்கும் பிழைக்கும் சம்பந்தமில்லை. யாரோ கண்ணளவில் கொடுத்த ஒரு `margin-top` எண் அது. பெரியப்பாவின் படிவத்தை அன்று மாலை என் லேப்டாப்பில் திறந்து இப்படிச் செய்தபோது வட்டம் முழு வரி இறங்கியது. இரண்டே நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது.

இனி சரிசெய்வது. மேலே நிறுத்திவிட்டால் போதுமே என்று தோன்றும். `align-items: flex-start` கொடுத்தால் பெட்டி மேலேறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது பெட்டியின் தலை, வரியின் தலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். 16 பிக்சல் எழுத்துக்கு 24 பிக்சல் வரி கொடுத்திருக்கிறோம் என்றால், எழுத்துக்கு மேலும் கீழும் வெற்றிடம் இருக்கிறது. எழுத்து அந்த 24-இன் நடுவில் இருக்கிறது. பெட்டியும் அந்த முதல் வரியின் நடுவில் இருக்க வேண்டும். வரியின் உயரத்திலிருந்து பெட்டியின் உயரத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் கிடைப்பதுதான் மேலே விட வேண்டிய இடம்: (24 − 20) ÷ 2 = 2 பிக்சல்.

இந்த 2 என்ற எண்ணை நேரடியாக எழுதிவிடுவதில்தான் அடுத்த தவறு தொடங்குகிறது. எங்கள் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிக்கிறார்கள். எழுத்து 16-லிருந்து 24 ஆனால் வரி 36 ஆகும். பெட்டி அதே 20-இல் நின்றால் மேலே 8 பிக்சல் விட வேண்டும், நாம் எழுதிய 2 பொய்யாகிவிடும். அளவுகள் எல்லாமே எழுத்தோடு சேர்ந்து வளர வேண்டும். பெட்டியை `em` அளவில் கொடுத்தால் அது எழுத்தோடு வளரும். வரியின் உயரத்துக்கென்றே இப்போது ஒரு தனி அலகு இருக்கிறது: `lh`. `1lh` என்றால் ஒரு வரியின் உயரம். குரோமிலும் சஃபாரியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் 2023-ஆம் ஆண்டுக்குள் இது வந்து சேர்ந்துவிட்டது.

```css
.opt {
  display: flex;
  align-items: flex-start;
  gap: 0.75em;
  line-height: 1.5;
}
.opt input {
  appearance: none;
  font: inherit;
  flex: none;
  width: 1.25em;
  height: 1.25em;
  border: 2px solid;
  margin: 0;
  margin-top: calc((1.5em - 1.25em) / 2);
  margin-top: calc((1lh - 1.25em) / 2);
}
```

`.opt` என்பது லேபிள். அதற்குள் உண்மையான `input`, அதை அடுத்து ஒரு `span`-இல் விளக்கம். மறைத்துவிட்டு வேறொன்றை வரையும் பழைய வழி இதில் இல்லை. `appearance: none` என்றதும் பிரவுசரின் தோற்றம் கழன்று, அதே பெட்டியை நாம் விரும்பியபடி அலங்கரிக்கலாம். தேர்ந்தெடுத்ததைக் காட்டும் டிக்கையும் புள்ளியையும் `:checked` நிலைக்கு நாமே வரைய வேண்டும். நிறம் மட்டும் மாறினால் போதும் என்பவர்களுக்கு அதுகூட வேண்டாம். `accent-color` ஒன்றே போதும். `margin-top` இரண்டு முறை வருவது தவறி எழுதியது அல்ல. `lh` தெரியாத பழைய போன், புரியாத இரண்டாவது வரியைத் தள்ளிவிட்டு முதலாவதை எடுத்துக்கொள்ளும். தெரிந்த போனில் பின்னால் வருவது முன்னதை வென்றுவிடும்.

`font: inherit` என்ற சின்ன வரியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பக்கத்தின் எழுத்து 16 பிக்சலாக இருந்தாலும், படிவப் பெட்டிகள் அதைத் தாமாக ஏற்பதில்லை. குரோம் அவற்றுக்குத் தனியாக ஓர் எழுத்தளவு வைத்திருக்கிறது, 13.33 பிக்சல். வரி உயரமும் தனி. ஆகவே `input`-க்குள் எழுதும் `1.25em` என்பது 20 பிக்சல் ஆகாது, 16.7 ஆகும், `1lh` என்பதும் பக்கத்து விளக்கத்தின் வரி உயரமாக இருக்காது. கணக்கு சரியாக இருந்தும் பெட்டி ஏன் நேராக நிற்கவில்லை என்று ஒரு முழு மதியம் தலையைப் பிய்த்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. இந்த ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

`flex: none` என்பதற்கும் காரணம் இருக்கிறது. மடியும் விளக்கத்தோடு வரும் இன்னொரு விபத்தை அது தடுக்கிறது. ஃபிளெக்ஸில் இடம் போதாதபோது உள்ளே இருப்பவை எல்லாம் தத்தம் அளவுக்கு ஏற்பச் சுருங்க வேண்டும் என்பது விதி. ஒரே வரியில் நீட்டினால் 1,100 பிக்சல் வரும் விளக்கத்தையும் 20 பிக்சல் காலி வட்டத்தையும் 316 பிக்சலுக்குள் அடக்கச் சொன்னால், பிரவுசர் இரண்டையும் ஒரே விகிதத்தில் அழுத்தும். எழுத்து மடிந்துகொள்ளும், அதற்கு நட்டமில்லை. `span`-ஆக வரைந்த காலி வட்டத்துக்கு மடிய எதுவும் இல்லை. அதன் அகலம் பத்துப் பிக்சலுக்கும் கீழே போய்விடும். உயரம் அப்படியே இருக்கும். வட்டமாக இருந்தது நெல்மணி மாதிரி ஆகிவிடும். `flex: none` அதற்குச் சுருங்காதே என்கிறது. விளக்கத்தின் பக்கம் `min-width: 0`, `overflow-wrap: anywhere` இரண்டையும் சேர்த்தால், மிக நீண்ட ஒற்றைச் சொல் வந்தாலும் திரைக்கு வெளியே ஓடாது.

எல்லாவற்றையும் ஃபிளெக்ஸுக்கு மாற்றி எழுத நேரமோ உரிமையோ இல்லாதவர்களுக்கு, `inline-block` முறையை வைத்துக்கொண்டே ஒரு வழி இருக்கிறது. பெட்டிக்கும் எழுத்துத் தொகுதிக்கும் `vertical-align: top` கொடுத்துவிட்டால் பேஸ்லைன் விதி விலகிவிடும். மேலே சொன்ன அதே `margin-top` பெட்டியை முதல் வரியின் நடுவுக்குக் கொண்டுவந்துவிடும்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. பல தளங்களில் எழுத்துரு வரிசையில் முதலில் ரோபோட்டோ போன்ற ஓர் ஆங்கில எழுத்துருவை எழுதி, அடுத்ததாக நோட்டோ சான்ஸ் தமிழை வைக்கிறார்கள். முதலாவதில் தமிழ் இல்லை, ஆகவே எழுத்துகள் இரண்டாவதிலிருந்து வருகின்றன. `line-height` எண்ணாகக் கொடுக்கப்படாமல் இயல்பாக விடப்பட்டிருந்தால், வரியின் உண்மையான உயரம் அதில் வந்திருக்கும் தமிழ் எழுத்துருவின் உயரத்துக்கு ஏற்ப வளரும். `1lh` மட்டும் வரிசையில் முதலில் நிற்கும் ஆங்கில எழுத்துருவை வைத்தே கணக்கிடப்படும். திரையில் தெரியும் வரியும் கணக்கில் உள்ள வரியும் வேறாகிவிட, பெட்டி ஓரிரு பிக்சல் மேலேறி நிற்கும். `line-height: 1.5` என்று எண்ணாகவே கொடுத்துவிட்டால் இந்த முரண் போய்விடும். தமிழ்ப் பக்கம் என்றால் தமிழ் எழுத்துருவையே முதலில் வைப்பதும் நல்லது.

`vertical-align: middle` மேலும் ஒரு காரணத்தால் தமிழுக்குப் பொருந்துவதில்லை. அது உண்மையில் வரியின் நடுவைப் பார்ப்பது இல்லை. பேஸ்லைனிலிருந்து ஆங்கிலச் சின்ன எக்ஸ் எழுத்தின் உயரத்தில் பாதி மேலே போய் அதைத்தான் நடு என்று கொள்கிறது. அந்த எழுத்து தமிழில் இல்லை. கி, கீ என்னும் எழுத்துகளின் சுழிகள் மேலே எழும்புகின்றன, ழ கீழே இறங்குகிறது, உடல் எங்கே நடுவில் இருக்கிறது என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். வரியின் உயரத்தை வைத்துக் கணக்குப் போடுவதே தமிழுக்கு நம்பகமான வழி. அதன் பிறகும் ஒரு குறிப்பிட்ட எழுத்துருவில் பெட்டி ஒரு பிக்சல் தாழ்ந்தோ உயர்ந்தோ தெரிந்தால், அந்த எழுத்துருவுக்கு மட்டும் `0.05em` அளவில் கண்ணால் பார்த்து நகர்த்திக்கொள்ளலாம். அதைக் கணக்கால் தீர்க்க முடியாது.

சோதிக்கும்போது நான் மூன்று விஷயங்களை மாற்றிப் பார்ப்பேன். விளக்கத்தை ஐந்து வரிக்கு நீட்டுவேன், எழுத்தளவை இரண்டு மடங்காக்குவேன், ஒரு தேர்வுக்கு ஒரு வரியும் அடுத்ததற்கு நான்கு வரியும் கொடுத்துப் பார்ப்பேன். தேர்வுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியையும் அப்போது கவனிக்க வேண்டும். வட்டம் முதல் வரியில் சரியாக நின்றாலும், ஒரு தேர்வு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாவிட்டால் படிப்பவர் திணறத்தான் செய்வார். மேலே எடுத்துக்கொண்ட 8 பிக்சல் போதாது. அதை 16 ஆக்கினால் பிரிவு தெளிவாகத் தெரிகிறது.

பெரியப்பாவின் படிவம் என் கையில் இல்லை, அதைத் திருத்த என்னால் முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தைச் செய்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள்: விளக்கம் முழுவதையும் லேபிளுக்குள் வைத்திருந்தார்கள். அப்படி இருந்தால் வட்டத்தைத் தொட வேண்டியதே இல்லை, எழுத்தைத் தொட்டாலும் அதற்குரிய வட்டம்தான் நிரம்பும். "பெரியப்பா, வட்டத்தைத் தேடாதீங்க. போருன்னு எழுதியிருக்கில்ல, அந்த எழுத்து மேலயே விரலை வைங்க" என்றேன். வைத்தார். மூன்றாவது வரியில் இருந்த வட்டத்தில் புள்ளி விழுந்தது. "அட, இது அங்கயா இருக்குது" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.